பொன்னூர் மலையும் கொண்டகுந்தையும்

மகாவீரர், கௌதம கணதரர் ஆகிய இருவரின் பெயரைச் சொன்ன உடனே மூன்றாவதாகக் குந்தகுந்த ஆசாரியரின் பெயரைச் சொல்லி மங்களம் பாடுவது திகம்பர மரபு. நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்லும் இல்லங்களில், அவர் எந்த ஊரில் பிறந்தார், எக்காலத்தில் வாழ்ந்தார், யாருக்கு ஆசிரியராக இருந்தார் என்ற கேள்விகள் எழும்போது விடை தேடுவோர் கையில் இரு வகை நூல்கள் கிடைக்கின்றன. தமிழில் எழுதப்பட்ட சமண வரலாறுகளையும் தலவரலாறுகளையும் எடுத்தால், குந்தகுந்தர் தொண்டை நாட்டவர். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் தவம் செய்தவர். ஏலாசாரியர் என்னும் பெயருடையவர். காஞ்சியில் ஆண்ட பல்லவ மன்னனுக்கு அறம் உரைத்தவர். திருக்குறளை இயற்றித் தம் மாணவராகிய திருவள்ளுவரிடம் கொடுத்தவர் என்று காண்கிறோம். ஆங்கிலத்தில் உள்ள பொதுவான நூல்களோ அவருடைய தத்துவத்தைப் பல பக்கங்களில் விளக்கி, வாழ்க்கையை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. அவ்வரிகளில் ஊர் பெயர் வருமானால் அது பெரும்பாலும் ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் மாவட்டத்தில் குந்தக்கல்லுக்கு அருகிலுள்ள கோனகொண்ட்லா என்பதாகவே இருக்கும். பொன்னூரைப் பற்றிய பேச்சு அங்கே அரிது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஆங்கில நூல் நடுநிலையானது, தமிழ் நூல் ஊர்ப்பற்றினால் எழுதப்பட்டது என்று உடனே முடிவு கட்டிவிடலாம். அந்த முடிவு சரியன்று. ஏனெனில் தமிழ் நூல்களில் காணப்படும் வரலாற்றின் பெரும்பகுதி முதலில் ஆங்கிலத்தில்தான் அச்சேறியது.

1920-ஆம் ஆண்டில், ஜைனரின் புனித நூல்கள் என்னும் ஆங்கில வரிசையில், குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயசாரம் மொழிபெயர்ப்புடன் வெளியாயிற்று. பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அ. சக்கரவர்த்தி நயினார். தமிழ்ச் சமணராகிய அவர் அந்நூலுக்கு எழுதிய விரிவான முன்னுரையில்தான் பொன்னூர், காஞ்சி, பல்லவர், திருக்குறள் ஆகிய நான்கும் குந்தகுந்தர் வாழ்க்கையோடு ஒரே இழையில் கோக்கப்பட்டன. குந்தகுந்தர் தென்னாட்டவர் என்பதைக்கூட அறியாத வடநாட்டு, மேல்நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்ட முன்னுரை அது. ஏலாசாரியர் என்பவர் குந்தகுந்தரே என்று கொண்டால், திருக்குறளை இயற்றியவர் ஏலாசாரியரே என்று கொண்டால், அந்நூல் கிறிஸ்துவ சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுக்கு உரியதாகும் என்ற முறையில் வாதம் படிப்படியாக நடந்தது. பின்னாளில் அவ்வாதம் தமிழ் நூல்களில் புகுந்தபோது, 'கொண்டால்' என்ற சொல் உதிர்ந்துபோயிற்று. முடிவு மட்டும் எஞ்சியது. ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்கு, மலரிலிருந்து மலருக்கு அது பெயர்க்கப்பட்டபோது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகவே ஆகிவிட்டது.

ஆகவே கேள்வி மொழியைப் பற்றியதன்று. ஒவ்வொரு செய்தியும் எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, அந்தச் சான்று ஆசாரியர் காலத்துக்கு எவ்வளவு அண்மையது என்பதே கேள்வி.

முதலில் ஆசாரியரே தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்று பார்ப்பது முறை. சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம், நியமசாரம் ஆகிய பெருநூல்களில் அவர் தம் ஊரையோ, பெற்றோரையோ, மன்னரையோ குறிப்பிடவில்லை. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளைக் கூறும் நூலின் இறுதியில் குந்தகுந்தர் என்ற பெயர் வருகிறது. போதப் பாகுடத்தின் இறுதியில் நூலாசிரியர் தம்மைப் பத்ரபாகுவின் மாணவர் வழியில் வைத்துப் பேசுகிறார். தன் வரலாறு என்று சொல்லத்தக்கது இவ்வளவே. 'நான்', 'எனது' என்ற பற்றை விடுவதே ஆன்ம ஞானத்தின் வாயில் என்று நூல்தோறும் கூறிய ஒருவர் தம் ஊர் பெயரை எழுதி வைக்காததில் வியப்பு ஒன்றுமில்லை, இடர்ப்பாடு பின்வந்தவர்களுக்குத்தான்.

அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கதைகள் நிரப்பின. புண்ணியாஸ்ரவ கதையிலிருந்து என்று சக்கரவர்த்தி நயினார் எடுத்துக்காட்டும் வரலாற்றின்படி, தென்னாட்டில் பிடத நாட்டிலுள்ள குருமரை என்னும் ஊரில் கரமுண்டன் என்ற வணிகன் இருந்தான். அவன் மனைவி ஸ்ரீமதி. அவர்களுடைய மாடு மேய்க்கும் சிறுவன், காட்டுத்தீயில் எரியாமல் எஞ்சிய ஒரு மரச்சோலையில் ஆகம ஏடுகள் இருந்த பெட்டியைக் கண்டெடுத்துப் போற்றி வைத்திருந்து, பின்னர் ஒரு முனிவருக்குத் தானமாக அளித்தான். அந்த ஞானதானத்தின் பயனாக மறுபிறவியில் அதே வணிகனுக்கு மகனாகப் பிறந்து குந்தகுந்தர் ஆனான். ஞானப்பிரபோதம் என்னும் வேறொரு நூலின் கதையோ அவரை மாளவ நாட்டில் பிறக்கச் செய்கிறது. அங்கே ஊர் பாராபுரம், தந்தை குந்தன் என்ற வணிகன், தாய் குந்தலதை. தாய் தந்தையர் பெயரே மகனின் பெயரை விளக்குவதற்காகப் புனையப்பட்டது என்பது எளிதில் புலனாகும். இக்கதைகள் சாஸ்திரதானத்தின் உயர்வைக் கூற எழுந்தவை. அவற்றில் பிறந்த ஊரைத் தேடுவது பொருந்தாது. ஆனால் ஒன்று தெரிகிறது. ஆசாரியரைத் தம் நாட்டவராகக் காண விரும்பியவர்கள் தமிழர் மட்டும் அல்லர். மாளவத்தாரும் அவ்வாறே விரும்பினர்.

இனிப் பெயர்களைக் காண்போம், ஏனெனில் பொன்னூர் வாதம் முழுவதும் ஒரு பெயரின் மேல் நிற்கிறது. குந்தகுந்தருக்கு ஐந்து பெயர்கள் உண்டு என்று நூல்கள் கூறுகின்றன: பத்மநந்தி, குந்தகுந்தர், வக்ரக்ரீவர், ஏலாசாரியர், கிருத்ரபிஞ்சர். இந்த ஐந்தையும் ஒருங்கே சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு ஹம்பியில் கணிகித்தி கோயிலின் விளக்குத் தூணில் உள்ளது. அது 1385-86-ஆம் ஆண்டுக்கு உரியது. பொறித்தவர் விஜயநகரத் தளபதி இருகப்பர். அதே இருகப்பர்தான் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் இசை மண்டபத்தைக் கட்டுவித்தவர் என்பது தமிழ்ச் சமணர் நினைவில் கொள்ளத்தக்கது. ஆனால் அக்கல்வெட்டு ஆசாரியர் காலத்துக்கு மிகவும் பிற்பட்டது. அதற்கு முன்னைய கல்வெட்டுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. சிரவணபெளகொளாவில் 1129-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட மல்லிசேனர் நினைவுக் கல்வெட்டு ஆசாரியர்களை வரிசையாகப் போற்றும்போது, கொண்டகுந்தரை முதலில் கூறி, சமந்தபத்திரர், சிம்மநந்தி ஆகியோருக்குப் பின்னர் வக்ரக்ரீவரைத் தனி ஆசாரியராகப் போற்றுகிறது. கிருத்ரபிஞ்சர் என்ற பெயரைச் சிரவணபெளகொளாக் கல்வெட்டுகள் தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாஸ்வாதிக்கு வழங்குகின்றன. ஆகவே ஐந்து பெயர்களில் இரண்டு வேறு இருவருக்கு உரியவை. காலப்போக்கில் பெரியார் ஒருவரின் பெயரோடு பிறர் பெயர்களும் வந்து ஒட்டிக்கொண்டன.

எஞ்சிய மூன்றில் பத்மநந்தி, குந்தகுந்தர் ஆகிய இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் உண்டு. சிரவணபெளகொளாக் கல்வெட்டுகள் பத்மநந்தி என்பதே முதற்பெயர் என்று கூறுகின்றன. இந்திரநந்தியின் சுருதாவதாரம், கொண்டகுந்தபுரத்துப் பத்மநந்தி என்று ஊரோடு சேர்த்தே சொல்கிறது. கன்னட நாட்டில் தும்புலூரைச் சேர்ந்த ஆசாரியர் தும்புலூராசாரியர் என்றே வழங்கப்பட்டது போல, இங்கும் ஊர்ப்பெயரே ஆசாரியருக்குப் பெயராயிற்று. கொண்டகுந்தை என்ற திராவிடச் சொல் வடமொழி ஏடுகளில் குந்தகுந்தம் என்று திருந்தியது.

மீதமுள்ளது ஏலாசாரியர். இச்சொல் ஒருவருக்கே உரிய இயற்பெயர் அன்று. சங்கத்தில் ஆசாரியருக்கு அடுத்த நிலையில் நின்று முனிவர்களுக்கு ஒழுக்கம் பயிற்றுபவருக்குரிய பதவிப்பெயர். இன்றும் திகம்பர முனிவரிடையே அது அவ்வாறே வழங்குகிறது. அதனால் வரலாற்றில் பல ஏலாசாரியர்கள் உள்ளனர். தவளம் என்னும் பேருரையை இயற்றிய வீரசேனர் சித்திரகூடத்தில் ஏலாசாரியர் ஒருவரிடம் சித்தாந்தம் கற்றார். அது எட்டாம் நூற்றாண்டின் செய்தி. பதவிப்பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவரே என்று கொள்வது, 'தலைமையாசிரியர்' என்று எழுதியுள்ள இரு கடிதங்களையும் ஒருவரே எழுதினார் என்று கொள்வது போன்றது.

பொன்னூர் ஏலாசாரியர் குந்தகுந்தரே என்று காட்டுவதற்கு 1920-ஆம் ஆண்டு முன்னுரையில் வைக்கப்பட்ட முதன்மைச் சான்று, மந்திரலட்சணம் என்னும் அச்சாகாத ஏட்டுச்சுவடியிலிருந்து எடுத்த ஒரு வடமொழிச் செய்யுள். தென்னாட்டில் மலைய நாட்டில் ஹேமகிராமம் என்ற ஊரில் திராவிட கணத்தின் தலைவராகிய ஏலாசாரியர் என்னும் மகாத்மா இருந்தார் என்பது அதன் கருத்து. ஹேமம் என்றால் பொன். ஹேமகிராமம் என்றால் பொன்னூர். அருகிலுள்ள மலையின் பெயர் நீலகிரி என்றும் அந்நூல் கூறுகிறது. பொன்னூர் மலைக்கும் அப்பெயர் உண்டு. மலையுச்சியில் ஏலாசாரியரின் திருவடிகள் உள்ளன, அவை வழிபடப்படுகின்றன. எல்லாம் பொருந்தி வருகின்றன. இடம் பற்றிய அளவில் இந்த முடிவை இதுவரை எவரும் அசைத்ததில்லை. கன்னட நாட்டுக் கல்வெட்டறிஞர் பி.பி. தேசாயும் ஹேமகிராமத்தைப் பொன்னூர் என்றே கொண்டார்.

ஆனால் அச்செய்யுளுக்கு ஒரு தாய்நூல் உண்டு. அது ஜ்வாலாமாலினி கல்பம். இந்திரநந்தி முனிவர் சக ஆண்டு 861-இல், அதாவது கி.பி. 939-இல், இராட்டிரகூடத் தலைநகராகிய மானியகேடத்தில் அதை இயற்றி முடித்தார். அந்நூலின் தொடக்கத்தில் இதே ஏலாசாரியர் வருகிறார். ஏடுகளில் ஹேலாசாரியர் என்ற வடிவமும் உண்டு. மலைய நாட்டு ஹேமகிராமத்தில் திராவிட கணத்தின் தலைவராக அவர் இருந்தபோது, அவருடைய மாணவியாகிய கமலஸ்ரீ என்பவரைப் பிரம்மராட்சசம் ஒன்று பற்றிக்கொண்டது. அவளுடைய துன்பத்தைக் கண்ட ஆசாரியர் நீலகிரியின் உச்சிக்கு ஏறித் தீவடிவான தேவியை வழிபட்டார். ஜ்வாலாமாலினி தோன்றி மந்திரம் உபதேசித்தாள், கமலஸ்ரீ விடுபட்டாள். பின்னர் தேவியின் ஆணைப்படி ஆசாரியர் ஜ்வாலினி மதம் என்னும் நூலை இயற்றினார். அந்த வித்தை ஆசிரியர் மாணவர் வரிசையாக இறங்கி வந்து தம்மை அடைந்தது என்று இந்திரநந்தி அவ்வரிசையைக் கூறுகிறார்.

அவ்வரிசை நீண்டதன்று, ஒருசில தலைமுறைகளே. 939-இலிருந்து அத்தலைமுறைகளைப் பின்னோக்கி எண்ணினால் பொன்னூர் ஏலாசாரியர் ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் ஆகிறார். குந்தகுந்தரை எவ்வளவு பிற்காலத்தில் வைத்தாலும் அக்காலத்துக்குக் கொண்டுவர இயலாது. தத்துவ ஞானியாகிய அவருடைய நூல்களில் மந்திர வழிபாட்டுக்கோ யட்சியின் அருளுக்கோ இடமும் இல்லை. ஆகவே அந்த வடமொழிச் செய்யுளை இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்கும்போது, அது குந்தகுந்தரைப் பற்றியதே அன்று என்பது தெளிவாகிறது. சுவடியில் கதையிலிருந்து பிரிந்து தனிச் செய்யுளாகக் கிடைத்ததனால்தான் அதை வேறொருவர்மேல் ஏற்றிச் சொல்ல இடமுண்டாயிற்று.

காஞ்சி மன்னன் பற்றிய செய்தியையும் இவ்வாறே ஆராயலாம். இதில் ஊர்ப்பற்று இரு பக்கத்திலும் ஒரே விதமாக வேலை செய்திருப்பது தெரியும். பஞ்சாஸ்திகாயத்துக்கு உரை எழுதிய ஜயசேனர், சிவகுமார மகாராஜனுக்காக அந்நூல் இயற்றப்பட்டது என்கிறார். யார் அந்தச் சிவகுமாரன்? கே.பி. பாடக் என்னும் அறிஞர், அவன் வனவாசியை ஆண்ட கடம்ப மன்னன் சிவமிருகேசவர்மன் என்று கூறி, குந்தகுந்தரைக் கி.பி. 528-ஐ ஒட்டிய காலத்தில் வைத்தார். சக்கரவர்த்தி நயினார் அதை மறுத்து, அவன் காஞ்சிப் பல்லவன் சிவஸ்கந்தவர்மன் என்றார். ஸ்கந்தனும் குமரனும் ஒரே பொருள். சிவஸ்கந்தனின் செப்பேடு பிராகிருதத்தில் உள்ளது. குந்தகுந்தரும் பிராகிருதத்தில் எழுதினார். வாதம் நயமானது. ஆயினும் பட்டாவளியை நம்பிக் குந்தகுந்தர் பிறந்தது கி.மு. 52 என்று அதே முன்னுரை ஏற்கிறது. சிவஸ்கந்தவர்மனையோ வரலாற்றாசிரியர்கள் இன்று கி.பி. நான்காம் நூற்றாண்டில் வைக்கின்றனர். இரண்டும் ஒன்றுசேரா. மேலும் ஹிரஹடகள்ளிச் செப்பேட்டில் அம்மன்னன் அக்னிஷ்டோமம், வாஜபேயம், அசுவமேதம் ஆகிய வேள்விகளைச் செய்தவனாகத் தோன்றுகிறான். கொல்லாமையைத் தலைமேற்கொண்ட ஆசாரியரின் மாணவனுக்கு அது பொருந்துமா?

கடம்பனா, பல்லவனா என்ற போட்டியில் அடிப்படையான ஒன்றை மறந்துவிடுகிறோம். குந்தகுந்தர் எந்த மன்னனையும் குறிப்பிடவில்லை. குறிப்பிடும் ஜயசேனர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே அதே நூலுக்கு உரை எழுதிய அமிர்தசந்திரர் சிவகுமாரன் என்ற பெயரையே எடுக்கவில்லை. தேடுவதற்கு மன்னன் இருந்தானா என்பதே ஐயமாக இருக்க, அவனுடைய தலைநகரைக் குறித்து இரு நாட்டாரும் வாதிட்டனர்.

அப்படியானால் கோனகொண்ட்லாவின் உரிமை உறுதியானதா? தேசாய் 1957-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சமணம் பற்றிய ஆங்கில நூலில் அவ்வூரின் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். அவ்வூரின் பழைய பெயர் கொண்டகுந்தை. மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், 1081-இல், பெண் ஒருத்தி மறைந்த தன் கணவன் நினைவாக அங்கே ஜினாலயம் எழுப்பினாள். அக்கல்வெட்டு ஊரைக் கொண்டகுந்தைத் தீர்த்தம் என்கிறது. சிதைந்த மற்றொரு கல்வெட்டு பத்மநந்தி பட்டாரகரின் பெயரோடு ஊரைப் போற்றுகிறது. ஊரின் பெயரும் ஆசாரியரின் பெயரும் ஒன்று. அந்த ஊரே தன்னை அவருடைய ஊராக நினைவுகூர்கிறது. சுருதாவதாரமும் அதற்கு இசைகிறது. பொன்னூர் வாதத்தைவிட இது வலியது என்பதை மறுக்க இயலாது.

ஆனாலும் 1081 என்பது ஆசாரியர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. புகழ்பெற்ற பெயரைக் கேட்டு, அதே பெயருடைய ஊரார் அவரைத் தம்மவராக்கிக் கொண்டிருக்கவும் கூடும். பொன்னூரில் நடந்தது கொண்டகுந்தையில் நடந்திருக்க முடியாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த எச்சரிக்கை பொதுவான ஆங்கில நூல்களில் காணப்படுவதில்லை. அடைப்புக்குள் ஊர்ப்பெயரைத் தந்துவிட்டு அவை மேலே செல்கின்றன. கல்வெட்டு கன்னடத்தில் இருப்பதால் கன்னட நூல்கள் அவரைக் கன்னடர் என்கின்றன. ஊர் இன்று ஆந்திரத்தில் இருப்பதால் தெலுங்கு நூல்கள் தெலுங்கர் என்கின்றன. இன்றைய மாநில எல்லை அவரைப் பற்றிய எதற்கும் சான்றாகாது.

காலத்தைப் பற்றியும் ஆங்கில நூல்கள் ஒன்றுபடவில்லை. 1935-இல் பிரவசனசாரத்தைப் பதிப்பித்த ஆ.நே. உபாத்யே, கிடைத்த சான்றுகள் அனைத்தையும் எடைபோட்டுக் கிறிஸ்துவ சகாப்தத்தின் தொடக்கத்தில் அவரை வைத்தார். 1991-இல் எம்.ஏ. டாக்கி எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று வாதிட்டார். இருவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள். உபாத்யேயின் முன்னுரையை மட்டும் படித்து நூல் எழுதியவர் ஒரு காலத்தையும், டாக்கியை மட்டும் படித்தவர் வேறொரு காலத்தையும் தருகின்றனர். ஆங்கிலத்தில் இருப்பதாலேயே அது முடிந்த முடிவாகிவிடாது.

திருக்குறளைப் பற்றிய கூற்று தமிழ்ச் சமணர் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. ஆகவே அதைத் தனியே பார்க்க வேண்டும். சக்கரவர்த்தி நயினார் 1949-இல் கவிராஜ பண்டிதர் உரையுடன் திருக்குறளைப் பதிப்பித்தார். 1953-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் வெளியிட்டார். குறள் சமண நூல் என்பதற்கு அவர் காட்டும் சான்றுகளில் சில மிக வலியவை. நீலகேசியின் உரையாசிரியர் சமய திவாகர வாமன முனிவர், குறளை மேற்கோள் காட்டும்போது 'எம்மோத்து' என்று உரிமையோடு சொல்கிறார். சமண அறிஞர்கள் அந்நூலைத் தம் மறையாகவே போற்றினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் குறள் சமணருடையது என்பது ஒன்று. அதை இயற்றியவர் குந்தகுந்தர் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சான்று காட்டிவிட்டுப் பின்னதும் நிறுவப்பட்டதாக எழுதுவது தமிழ் நூல்களில் அடிக்கடி நிகழும் பிழை. குறளை ஏலாசாரியர் இயற்றினார் என்ற வழிவழிச் செய்தி உண்மையே ஆயினும், எந்த ஏலாசாரியர் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. குந்தகுந்தர் பெயரில் உள்ள நூல்கள் எல்லாம் பிராகிருத காதைகள். தமிழில் ஓர் அடியும் அவர் பெயரில் இல்லை. இரண்டு கூற்றுகளையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் தீங்கும் உண்டு. குந்தகுந்தர் குறளாசிரியர் அல்லர் என்று ஒருவர் எளிதாக நிறுவிவிட்டு, அதனோடு வாமன முனிவரின் சாட்சியத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார். வலிய சான்று மெலிந்த சான்றோடு கட்டுண்டு அதனுடன் மூழ்குகிறது.

இதனினும் பெரிய இழப்பு பொன்னூரிலேயே நேர்ந்தது. ஏலாசாரியர் என்ற பெயரைக் கண்ட இடமெல்லாம் 'இவரே குந்தகுந்தர்' என்று எழுதியதால், உண்மையாகவே அம்மலையில் வாழ்ந்த ஏலாசாரியர் தம் சொந்த ஊரின் வரலாற்றிலேயே பெயரளவில் கரைந்துபோனார். அவர் யார்? திராவிட கணத்தின் தலைவர். மந்திர நூல் ஒன்றின் ஆசிரியர். கர்நாடகம் முழுவதும் பின்னர் பரவிய ஜ்வாலாமாலினி வழிபாட்டின் முதல்வராக அந்த மரபே போற்றும் பெரியார். பொன்னூரிலிருந்து மானியகேடம் வரை அவர் புகழ் சென்றது. இராட்டிரகூடத் தலைநகரில் இருந்த ஒரு முனிவர் ஆண்டு குறித்து அதை எழுதி வைத்தார். குந்தகுந்தருக்கு ஊர் தேடி ஏங்கும் ஆராய்ச்சியில் இத்தகைய ஒரு சான்று கிடைத்திருந்தால் எத்தனை நூல்கள் எழுந்திருக்கும்! தமிழ் நாட்டுச் சமண ஆசாரியர் ஒருவருக்கு ஊர், மலை, கணம், மாணவியின் பெயர், இயற்றிய நூல் ஆகிய அனைத்தும் ஒருங்கே கிடைப்பது அரிதினும் அரிது. அந்த அரிய வரலாற்றை எடுத்து, அது தேவைப்படாத வேறொருவருக்குச் சூட்டினோம். ஆங்கில நூல்கள் குந்தகுந்தர் பொன்னூரார் அல்லர் என்று தள்ளியபோது, பொன்னூரையும் சேர்த்தே தள்ளிவிட்டன. தமிழ் நூல்கள் எதிர்த்துப் பேசும்போதும் குந்தகுந்தருக்காகவே பேசின.

ஊராரின் வழிபாடு ஒரு காலத்தில் இதை மறக்கவில்லை. பொன்னூர் ஆதிநாதர் கோயிலில் சக ஆண்டு 1655-க்குரிய, அதாவது கி.பி. 1733-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹேலாசாரியருக்குரிய வாரப் பூசையின்போது, பார்சுவநாதர் திருவுருவத்தையும் ஜ்வாலாமாலினி திருவுருவத்தையும் ஊரிலிருந்து நீலகிரி மலைக்கு எழுந்தருளச் செய்ய வேண்டும் என்று அவ்வூர்ச் சமணர் செய்துகொண்ட ஏற்பாட்டை அது கூறுகிறது. 939-இல் இந்திரநந்தி எழுதிய அதே ஊர், அதே மலை, அதே ஆசாரியர், அதே தேவி. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நால்வகை நினைவும் சிதையாமல் இருந்தது. அக்கல்வெட்டில் குந்தகுந்தர் என்ற பெயர் வரவில்லை.